ஒரு கெட்ட வரிக்காக இருபதாயிரம் வரிகளா?

ஜூன் மாதத்துக்கு 31ஆம் தேதி கிடையாது. ஆனால் வசூல் கோப்புகளில் அந்தத் தேதி அவ்வப்போது தலைகாட்டும். கவுன்டரில் யாரோ கையால் தட்டியிருப்பார், அல்லது ஏதோ ஒரு பழைய மென்பொருள் எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்று வைத்துக்கொண்டிருக்கும். கோப்பைப் பார்க்கிற மனிதர் சிரித்துவிட்டு 30 என்று திருத்திக்கொள்வார். தரவுத்தளம் அப்படிச் சிரிக்காது. அந்த ஒரு வரியைக் கண்டதும் அதற்கு முன்னால் ஏற்றிய எல்லா வரிகளையும் தூக்கி எறிந்துவிடும்.

ஒரு நகராட்சியின் குடிநீர்க் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் வசூல் கோப்போடு வேலை செய்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. வங்கி இரவில் ஒரு கோப்பு அனுப்புகிறது. அதில் 20,000 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ரசீது எண், இணைப்பு எண், கட்டிய தேதி, தொகை. கடைசி வரியில் மொத்தம்: 20,000 ரசீது, ரூ.1,46,82,350. ஒவ்வொரு வரிக்கும் நகராட்சியின் தரவுத்தளத்தில் இரண்டு வேலை நடக்க வேண்டும். அந்த இணைப்பின் பாக்கி குறைய வேண்டும். ரசீதுப் பதிவேட்டில் ஒரு புதுப் பதிவு விழ வேண்டும்.

இதை ஏன் ஒரே டிரான்சாக்ஷனாகச் செய்ய வேண்டும்? முடிவில் கணக்கு நேராகவில்லை என்றால் கோப்பையே திருப்பி அனுப்பும் உரிமை நமக்கு வேண்டும், அதனால்தான். டிரான்சாக்ஷன் என்பது தரவுத்தளத்தோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். `BEGIN` என்று சொன்னதிலிருந்து `COMMIT` என்று சொல்லும்வரை செய்ததெல்லாம் ஒரே செயல். முடித்தால் முழுதாக முடியும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். நடுவில் வேறு யாராவது பாக்கிப் பட்டியலைத் திறந்தால் பழைய கணக்குதான் தெரியும். காலையில் கவுன்டரைத் திறக்கும்போது ஒருவர் பாக்கி குறைந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பாக்கி குறையாமலும் நிற்கும் நிலை வராது.

இந்த ஒப்பந்தத்தின் கண்டிப்புதான் இங்கே சிக்கலாகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் டிரான்சாக்ஷனுக்குள் எந்த ஒரு கட்டளை பிழையானாலும் மொத்த டிரான்சாக்ஷனும் முடங்கிப்போகும். அடுத்துச் சரியான கட்டளையே கொடுத்தாலும் பதில் இதுதான்:

```
ERROR:  current transaction is aborted, commands ignored
        until end of transaction block
```

இந்த நிலையில் `COMMIT` என்று தட்டிப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. `ROLLBACK` என்று ஒரே ஒரு சொல் பதிலாக வரும். சேமி என்று கேட்டதற்கு, அழித்துவிட்டேன் என்று அமைதியாகச் சொல்கிறது. திரையைப் பார்க்கிறவர் கவனித்துவிடலாம். பதிலைப் படிக்காமல் பிழை வந்ததா என்று மட்டும் பார்க்கிற நிரல், எல்லாம் ஏறிவிட்டது என்று குறித்துவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும்.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக `COMMIT` செய்வது. கெட்ட வரி போனால் போகட்டும், மற்றவை நிற்குமே என்ற எண்ணம். அப்படிச் செய்தால் கோப்பை மொத்தமாகத் திருப்பும் வழி அடைந்துபோகிறது. 14,000ஆவது வரியில் மின்சாரம் போனால் எதுவரை ஏறியது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தத் தொகை பொருந்தவில்லை என்று கடைசியில் தெரிந்தால், ஏற்றிய 20,000 பாக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதோடு ஒவ்வொரு `COMMIT`டுக்கும் தரவுத்தளம் தன் பதிவுக் குறிப்பை வட்டில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். ஆகவே வேலையும் மெதுவாகும்.

மொத்தமும் ஒரே டிரான்சாக்ஷனாக இருக்க வேண்டும், கெட்ட வரி மட்டும் உதிர வேண்டும். இந்த இரண்டும் ஒருசேரக் கிடைக்கத்தான் சேவ்பாயின்ட். டிரான்சாக்ஷனின் நடுவில் ஓர் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் அதுவரை மட்டும் பின்வாங்கும் ஏற்பாடு இது. யோசனை பழையது, 1970களில் ஐ.பி.எம். உருவாக்கிய சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் தரவுத்தளத்திலேயே இருந்தது. போஸ்ட்கிரெஸுக்கு 2005இல் வந்த 8.0 பதிப்பில்தான் சேர்ந்தது.

நம் கோப்பின் ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். K-2217 என்ற இணைப்புக்காரர் 640 ரூபாய் கட்டியிருக்கிறார், தேதி 2024 ஜூன் 31.

```
SAVEPOINT one_row;
UPDATE dues SET balance = balance - 640
  WHERE conn_no = 'K-2217';
INSERT INTO receipts (receipt_no, conn_no, paid_on, amount)
  VALUES ('R88104', 'K-2217', '2024-06-31', 640);
```

முதல் கட்டளை நிறைவேறிவிடும்; பாக்கி 640 குறைந்துவிட்டது. இரண்டாவது கட்டளையில் இந்தப் பிழை வரும்:

```
ERROR:  date/time field value out of range: "2024-06-31"
```

இப்போதும் டிரான்சாக்ஷன் முடங்கித்தான் நிற்கிறது. ஆனால் முன்பு இல்லாத ஒரு கதவு திறந்திருக்கிறது.

```
ROLLBACK TO SAVEPOINT one_row;
RELEASE SAVEPOINT one_row;
INSERT INTO rejects (line_no, raw_line, reason)
  VALUES (7312, 'R88104,K-2217,2024-06-31,640', '22008');
```

முதல் கட்டளை, அடையாளம் வைத்த பிறகு நடந்ததையெல்லாம் அழிக்கிறது. விழாமல் போன ரசீதோடு, குறைந்துபோன பாக்கியும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அதற்கு முன்னால் ஏறிய 7,311 வரிகளில் ஒன்றுகூட அசையாது. முடங்கியிருந்த டிரான்சாக்ஷன் மறுபடி உயிர் பெறுகிறது. மூன்றாவது கட்டளை அந்த வரியை வந்தது வந்தபடியே, வரி எண்ணோடும் பிழைக் குறியீட்டோடும், தள்ளுபடிப் பட்டியலில் எழுதிவைக்கிறது. இந்த எழுத்து `ROLLBACK TO`வுக்குப் பிறகு நடக்க வேண்டும். முன்னால் எழுத முயன்றால், முடங்கிய டிரான்சாக்ஷன் அதையும் ஏற்காது. தள்ளுபடிப் பட்டியலின் அந்தப் பத்தி வெறும் எழுத்தாக, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இருக்க வேண்டும். கெட்ட தேதியைத் தேதிப் பத்தியில் எழுதிவைக்கப் பார்த்தால் அதே பிழை இன்னொரு முறை வரும்.

நடுவில் இருக்கும் `RELEASE`ஐ நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். `ROLLBACK TO` செய்தால் அடையாளம் நீங்கிவிடும் என்று நினைப்பது இயல்புதான். அது நீங்காது, அதே இடத்துக்கு மறுபடி பின்வாங்க வசதியாக அப்படியே நிற்கும். நல்ல வரிகளிலும் அதே கதை. ஒவ்வொரு வரிக்கும் `one_row` என்று ஒரே பெயரைப் பயன்படுத்தினால் பழையது போய்ப் புதியது வந்துவிடும் என்று தோன்றும். எஸ்.க்யூ.எல். தரநிலையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் பழையதை அழிக்காமல் புதியதன் அடியில் மறைத்துவைக்கிறது. 20,000 வரிகள் முடியும்போது ஒன்றுக்குள் ஒன்றாக 20,000 அடையாளங்கள். ஏற்றம் தொடக்கத்தில் விறுவிறுப்பாக ஓடி, போகப் போகத் தள்ளாடி, சர்வரின் நினைவகம் ஊதிக்கொண்டே போனால் நான் முதலில் தேடுவது விடுபட்ட `RELEASE`ஐத்தான்.

இதைக் கேட்டுவிட்டு, போஸ்ட்கிரெஸ்தான் வீண் கண்டிப்பு காட்டுகிறது, மற்றவை தேவலை என்று சிலர் சொல்வார்கள். ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியிலும் ஒரு கட்டளை இதுபோலப் பிழையானால் அந்தக் கட்டளை மட்டும்தான் அழியும், டிரான்சாக்ஷன் தொடரும். கேட்க இனிமையாக இருக்கிறது. நம் K-2217 வரியில் இதைப் பொருத்திப் பாருங்கள். பாக்கியைக் குறைத்த கட்டளை நிறைவேறியது. ரசீதை எழுதும் கட்டளை பிழையானது, அது மட்டும் அழிந்தது. நிரல் அடுத்த வரிக்குப் போய், கடைசியில் `COMMIT` செய்துவிடுகிறது. ரசீது இல்லாமல் ஒருவரின் பாக்கி 640 ரூபாய் குறைந்துபோயிற்று. எங்கும் பிழை தெரியாது. மாதக் கடைசியில் தணிக்கைக்காரர் கேட்கும்போதுதான் தெரியும். என் பார்வையில் போஸ்ட்கிரெஸின் கண்டிப்பு இதைவிட நல்லது, ஏனென்றால் அது உடனே கத்துகிறது. போஸ்ட்கிரெஸில் சேவ்பாயின்ட் இல்லாவிட்டால் மேலே நகரவே முடியாது. மற்ற இரண்டில் நகரலாம், ஆனால் அரை வரி உள்ளே தங்கிவிடும். ஒரு வரிக்கு ஒரே ஒரு கட்டளைதான் என்றால் இந்த வேறுபாடு பெரிதில்லை. இரண்டு கட்டளை ஆனதுமே எல்லாத் தரவுத்தளத்திலும் சேவ்பாயின்ட் தேவைப்படுகிறது.

இன்னோடிபியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டு டிரான்சாக்ஷன்கள் ஒன்றுக்காக ஒன்று காத்துச் சிக்கிக்கொள்ளும் டெட்லாக் வந்தால், அது ஒரு டிரான்சாக்ஷனை முழுவதுமாக அழித்துவிடும். வைத்திருந்த அடையாளங்களும் சேர்ந்து போகும். அதன் பிறகு `ROLLBACK TO` கொடுத்தால், அப்படி ஒரு சேவ்பாயின்டே இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சின்னப் பிழை என்று விழுங்கிவிட்டு அடுத்த வரியைத் தொடரும் நிரல், கோப்பின் முன்பாதியைத் தொலைத்துவிட்டுப் பின்பாதியை மட்டும் ஏற்றும்.

அடுத்து, தரவுத்தளம் பிழை என்றே சொல்லாத பிழைகள். இணைப்பு எண் தவறாக இருக்கும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். K-2217க்குப் பதில் K-22I7, அதாவது ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஐ எழுத்து. `UPDATE` கட்டளை அப்படி ஓர் இணைப்பைத் தேடும், கிடைக்காது. அதற்காக அது கோபப்படாது. `UPDATE 0` என்று சொல்லும், அதாவது மாற்றிய பதிவுகள் பூஜ்யம். தரவுத்தளத்தின் கண்ணில் அது வெற்றிதான். ரசீதுப் பதிவேட்டில் இருக்கும் இணைப்பு எண் இணைப்புப் பட்டியலில் இருந்தே தீர வேண்டும் என்று வெளித்திறவுக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அடுத்த கட்டளை பிடித்துவிடும். போடாவிட்டால் காசு வந்து விழுந்து, யார் கணக்கிலும் சேராமல் நிற்கும். ஆகவே பூஜ்யம் வந்தால் நிரலே அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு `ROLLBACK TO` செய்ய வேண்டும். சேவ்பாயின்டுக்குப் பின்வாங்கத் தரவுத்தளம் பிழை சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. நமக்குச் சரியில்லை என்று பட்டால் போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தரவுத்தளம் சொல்கிற எல்லாப் பிழையையும் கெட்ட வரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து எழுத்துக் குறியீடு கொடுக்கிறது. 22 என்று தொடங்கினால் தரவே கோளாறு: இல்லாத தேதி 22008, எண்ணாக வாசிக்க முடியாத தொகை 22P02. 23 என்று தொடங்கினால் கட்டுப்பாட்டை மீறியது: ஏற்கெனவே இருக்கும் ரசீது எண் 23505, இல்லாத இணைப்பு 23503. இந்த இரண்டு குடும்பங்களையும் தள்ளுபடிப் பட்டியலுக்கு அனுப்பலாம். வட்டில் இடம் தீர்ந்தது, கட்டளையில் டேபிளின் பெயர் தவறு என்பது போன்றவை வரியின் குற்றம் அல்ல. அங்கே மொத்தத்தையும் நிறுத்த வேண்டும். இந்தப் பாகுபாடு இல்லாத நிரலில் ஒரு பத்தியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், 20,000 வரிகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, வெற்றிகரமாக `COMMIT` செய்து, பூஜ்யம் ரசீதோடு வேலையை முடிக்கும். அதற்காகத்தான் தள்ளுபடிக்கு ஓர் உச்சவரம்பும் வைப்பது. நம் கோப்புக்கு 50 என்று வைக்கலாம். 51ஆவது கெட்ட வரி வந்தால் கோளாறு வரியில் அல்ல, கோப்பில் என்று கொண்டு எல்லாவற்றையும் திருப்பிவிட வேண்டும். மொத்தமாகத் திருப்பும்போது தள்ளுபடிப் பட்டியலும் சேர்ந்து அழிந்துபோகும் என்பதால், அதே விவரத்தைத் தரவுத்தளத்துக்கு வெளியே ஒரு சாதாரணக் கோப்பிலும் எழுதிவைப்பது நல்லது. காலையில் வந்து பார்ப்பவருக்கு, ஏன் நின்றது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

இவ்வளவும் சரி, 20,000 வரிக்கு 20,000 சேவ்பாயின்ட் வைப்பது இலவசமா என்றால், இல்லை. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு சேவ்பாயின்டும் உள்ளே ஒரு குட்டி டிரான்சாக்ஷன். அதற்குள் எதையாவது எழுதினால் அதற்குத் தனியாக ஒரு டிரான்சாக்ஷன் எண் செலவாகும். அந்த எண் 32 பிட் அளவுள்ளது. சுற்றிச் சுற்றி வரும் பொதுச் சொத்து. ஓர் இரவுக்கு 20,000 என்பது அதில் ஒன்றுமில்லை. பல கோடி வரிகளை இப்படி ஏற்றுகிற இடத்தில், பழைய பதிவுகளை உறையவைக்கும் பராமரிப்பு வேலை அடிக்கடி கிளம்புவதைக் காணலாம்.

அதைவிட முக்கியமானது 64 என்ற எண். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டிரான்சாக்ஷனும் தன் குட்டிகளின் எண்களில் 64ஐ மட்டுமே பொது நினைவகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்க முடியும். வெற்றியோடு `RELEASE` ஆன குட்டிகளும் இந்தக் கணக்கில் அடங்கும். தாய் டிரான்சாக்ஷன் முடியும்வரை அவை போகாது. 65ஆவது வந்ததும் பட்டியல் நிரம்பி வழிந்துவிட்டது என்று குறி விழும். அதன்பின் மற்ற பயனர்கள் ஒரு பதிவைப் பார்க்கும்போது, இதை எழுதியவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா முடித்துவிட்டாரா என்று அறிய `pg_subtrans` என்ற தனி இடத்தில் போய்த் தேட வேண்டிவரும். இரவு இரண்டு மணிக்கு, வேறு யாரும் இல்லாத தரவுத்தளத்தில் இது யாரையும் உறுத்தாது. ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பகல் நேரத்தில், ஏற்றும் நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, தொடர்பே இல்லாத மற்றவர்களின் தேடல்கள் திணறும். அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். 2021இல் கிட்லாப் நிறுவனம் இதே வகைச் சிக்கலில் மாட்டியது. சேவ்பாயின்டுகளும் நீண்ட நேரம் திறந்திருந்த டிரான்சாக்ஷனும் ஒன்றுசேர்ந்து அவர்களுடைய நகல் சர்வர்களைத் திணறடித்தன. தங்கள் நிரலிலிருந்து சேவ்பாயின்டுகளைக் களையும் வேலையில் இறங்கி, அதை விரிவாக எழுதியும் வைத்தார்கள். உங்கள் இடத்தில் இது நடக்கிறதா என்று பார்க்க `pg_stat_activity`யில் காத்திருப்பின் காரணமாக `SubtransSLRU` என்ற பெயர் திரளாகத் தெரிகிறதா என்று கவனித்தால் போதும்.

வரிக்கு வரி அடையாளம் வைக்காமலே கெட்ட வரியைப் பிரித்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. ஆயிரம் வரிகளை ஒரு கட்டாக எடுங்கள். கட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு சேவ்பாயின்ட். கட்டு முழுதும் ஏறிவிட்டால் விடுவித்துவிட்டு அடுத்த கட்டு. நடுவில் பிழை வந்தால் கட்டின் தொடக்கத்துக்குப் பின்வாங்கி, அதை ஐநூறு ஐநூறாகப் பிளந்து, முதல் பாதியைத் தனி சேவ்பாயின்டில் ஏற்றுங்கள், பிறகு இரண்டாம் பாதியை. பிழையான பாதியை மறுபடி இரண்டாகப் பிளக்க வேண்டும். ஆயிரத்தை இப்படிப் பத்து முறை பிளந்தால் ஒற்றை வரி தனியாக வந்து நிற்கும், அதைத் தள்ளிவிடலாம். நம் கோப்பில் ஏழு கெட்ட வரிகள் என்று வைத்துக்கொண்டால், இருபது கட்டுகளுக்கு இருபதும், ஒரு கெட்ட வரிக்கு அதிகபட்சம் இருபதும் சேர்த்து மொத்தம் 160 சேவ்பாயின்டுக்குள் முடிந்துவிடும். முதல் பாதியை முதலில் ஏற்றுவதில் மட்டும் ஒழுங்கு தவறக் கூடாது. ஒரே ரசீது எண் இரண்டு முறை வந்திருந்தால், முதலில் வந்ததுதான் நிற்க வேண்டும், பின்னால் வந்ததுதான் தள்ளப்பட வேண்டும்.

இந்தப் பிளவு முறை கெட்ட வரிகள் அரிதாக இருக்கும்வரை அழகாக வேலை செய்யும். பத்துக்கு ஒரு வரி கெட்டது என்றால், ஏற்றியதையே திரும்பத் திரும்ப ஏற்றி, வரிக்கு வரி அடையாளம் வைப்பதைவிட மோசமாகிவிடும். அப்படிப்பட்ட கோப்புக்கு சேவ்பாயின்டே மருந்தல்ல. முதலில் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஒரு தற்காலிக டேபிளில் கொட்டிவிட்டு, அங்கேயே சலித்து, நல்லதை மட்டும் எடுத்துப் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் 16இலிருந்து இதற்கு ஒரு வசதி உண்டு. `pg_input_is_valid('2024-06-31', 'date')` என்று கேட்டால் பிழை கொடுக்காமல், பொய் என்று மட்டும் பதில் சொல்லும். 17ஆம் பதிப்பில் `COPY` கட்டளைக்கே `ON_ERROR ignore` வந்துவிட்டது. ஆனால் அது தேதி, தொகை போன்ற வடிவக் கோளாறுகளை மட்டுமே தாண்டிப் போகும். ஏற்கெனவே இருக்கும் ரசீது எண் வந்தால் பழையபடி மொத்தமும் நின்றுவிடும். ரசீது எண் திரும்ப வருவது மட்டும்தான் கவலை என்றால் `INSERT ... ON CONFLICT DO NOTHING` போதும். ஆனால் பாக்கியைக் குறைக்கும் கட்டளையை அதற்குப் பிறகு வைத்து, ரசீது உண்மையில் விழுந்ததா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். முன்கூட்டியே தெரிந்த கோளாறுகளைச் சலிப்பது, எதிர்பாராததற்கு மட்டும் சேவ்பாயின்டை வைப்பது என்று பிரித்துக்கொண்டால், அந்த 64 பெரும்பாலும் தொல்லை தராது.

சேவ்பாயின்டால் காப்பாற்ற முடியாதவையும் உண்டு. இணைப்பு அறுந்தாலோ சர்வர் விழுந்தாலோ அடையாளங்கள் எதுவும் மிஞ்சாது. அவை வட்டில் நிலைக்கும் சேமிப்பு அல்ல, மொத்தமும் முதலிலிருந்துதான். சோதனையை `COMMIT` வரை தள்ளிப்போடும்படி அமைத்த கட்டுப்பாடு இருந்தால், பிழை கடைசி நொடியில்தான் வரும். அப்போது பின்வாங்க எந்த அடையாளமும் இருக்காது. ஏற்றத்தைத் தொடங்கும்போதே `SET CONSTRAINTS ALL IMMEDIATE` என்று சொல்லிவிட்டால் அந்தப் பிழைகள் அந்தந்த வரியிலேயே வெளிவந்துவிடும். தானாக ஏறும் வரிசை எண்களும் பின்வாங்காது. தள்ளிய வரி ஓர் எண்ணை எடுத்திருந்தால் எடுத்ததுதான்; பட்டியலில் அந்த இடம் காலியாகவே இருக்கும். தணிக்கைக்காரர் ஏன் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்பார். இடைவெளியே இருக்கக் கூடாத எண் வேண்டுமென்றால் அதை இந்த வசதியிலிருந்து எடுக்கக் கூடாது.

இனி நம் கோப்பு. 20,000 வரிகளில் 19,993 ஏறின. தள்ளுபடிப் பட்டியலில் ஏழு: இல்லாத தேதி ஒன்று, தொகையில் காற்புள்ளியோடு `"1,250"` என்று வந்த வரி ஒன்று, திரும்ப வந்த ரசீது எண்கள் மூன்று, இல்லாத இணைப்புகள் இரண்டு. இன்னும் `COMMIT` செய்யவில்லை. கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். ஏறிய தொகை ரூ.1,46,75,690. வங்கி சொன்ன மொத்தத்தில் ரூ.6,660 குறைகிறது. தள்ளிய ஏழில் தொகையை வாசிக்க முடிந்த ஆறு வரிகளின் கூட்டுத்தொகை 5,410. மீதி 1,250. காற்புள்ளியோடு வந்த வரியில் கண்ணால் படித்தால் தெரியும் தொகையும் அதேதான். எண்ணிக்கையும் நேர், தொகையும் நேர், `COMMIT`. இந்த 1,250 பொருந்தாமல் 1,350 என்று வந்திருந்தால், எங்கோ ஒரு வரி நமக்குத் தெரியாமலே தவறாக ஏறியிருக்கிறது என்று பொருள். அப்போது ஒரே `ROLLBACK`இல் 19,993 வரிகளையும் திருப்பிவிடலாம்.

காலையில் அந்த ஏழு வரிகளும் மேசைக்கு வரும். திரும்ப வந்த ரசீது எண்கள் மூன்றும் வங்கிக்கு ஒரு கேள்வியாகப் போகும்: ஒரே ரசீதை இரண்டு முறை அனுப்பினீர்களா, அல்லது இரண்டு பேருக்கு ஒரே எண் கொடுத்துவிட்டீர்களா? முதலாவது என்றால் வரியைக் கிழித்துப் போடலாம். இரண்டாவது என்றால் யாரோ கட்டிய பணம் அவர் கணக்கில் சேரவில்லை. மற்ற நான்கும் வங்கியிடம் சரிபார்த்துத் திருத்தப்பட்டு ஒரு சின்னக் கோப்பாக அன்றிரவே அதே நிரலின் வழியாக ஏறும். அந்தக் கோப்பை யாராவது தவறுதலாக இரண்டு முறை ஏற்றினாலும் 23505 தடுத்துவிடும், நான்கு வரியும் தள்ளுபடிப் பட்டியலில் போய் விழும், பாக்கி ஒரு முறைதான் குறைந்திருக்கும்.